பாலம் ஏறிய வண்டி

"டாப்பிலேயே ஏறும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கே ஏறும், எத்தனை பேரை வைத்துக்கொண்டு ஏறும், நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புமா என்று திருப்பிக் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். கோபக்காரன் என்று எனக்குப் பெயர் வந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் பாதிக் காரணம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தேன். பட்டணத்தில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. கடற்கரைச் சாலை தோசைக்கல் மாதிரி கிடக்கும். எங்கள் பேட்டைக்கு மலை என்றால் அது கால்வாய்ப் பாலம்தான். அடியில் உப்புப் படகும் விறகுப் படகும் போகவேண்டும் என்று நடுவில் முதுகைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மாட்டு வண்டிக்காரன் இறங்கி நின்று தள்ளும் அளவுக்குச் சரிவு இருந்தது.

அதனால் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. யார் புது வண்டி வாங்கினாலும் பாலம் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தூரத்திலிருந்தே வேகம் பிடித்து வந்து, கியரைத் தொடாமல், டாப்பிலேயே, அதாவது கடைசிக் கியரிலேயே, அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் வண்டி நல்ல வண்டி. கீழே தேங்காய் உடைப்பார்கள். நடுவில் கியர் மாற்றினால் வண்டியும் மட்டம், ஓட்டுகிறவனும் மட்டம். கரையில் நிற்கிற படகுக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக்கொண்டவர்கள் முதல் அடையாற்றுத் தோட்ட வீட்டுக்காரர்கள் வரை எல்லாரும் அந்தப் பாலத்தைத்தான் நம்பினார்கள்.

மவுண்ட் ரோடு கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியும். பாலம் ஏற்ற வேண்டிய வண்டியை முதல்நாளே என் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் டயரில் காற்றைக் கல் போல ஏற்றுவேன். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும்படி திருப்பி வைப்பேன். கியர் பெட்டியில் இருக்கிற கெட்டி எண்ணெயை இறக்கிவிட்டு மெல்லிய எண்ணெய் ஊற்றுவேன். மறுநாள் வண்டி பாலத்தின் மேல் பறக்கும். இதை ஒரு பித்தலாட்டம் என்று நான் அப்போது நினைக்கவில்லை. பெண் பார்க்க வருகிறபோது பெண்ணுக்குப் பூ வைப்பது மாதிரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் அக்காவின் புருஷன் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தினம் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். பஸ்ஸின் சொந்தக்காரர் மயிலாப்பூரில் இருந்த ஒரு வக்கீல். மலைப்பாதையில் அவர் பயணம் போனதெல்லாம் ரயிலில்தான். பழைய பஸ் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. புதிதாக வாங்கி, இங்கேயே கூண்டு கட்டி ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மாமாவைப் பட்டணத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் என் பட்டறை வாசலில் வக்கீலும், கம்பெனி சேல்ஸ்மேனும், மாமாவும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். முந்தின நாள் நான் பூ வைத்து அலங்காரம் பண்ணிய ஆறு சிலிண்டர் வண்டி உள்ளே நிற்கிறது. மலைக்குப் போகப்போகிற வண்டி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

"மாமாவுக்குத்தான் மச்சான்" என்று மாமா பல்லைக் காட்டினார்.

அந்தக் கம்பெனியிலேயே இன்னொரு சேசிஸ், அதாவது கூண்டு கட்டாத வெறும் வண்டி, இருந்தது. நாலு சிலிண்டர், நாலு கியர். லாரிக்கென்று செய்தது. பார்க்க எருமை மாதிரி இருக்கும். "சாமி, மலைக்கு இது வேணாம். அந்த நாலு சிலிண்டர எடுங்க" என்று நேராகவே சொன்னேன்.

சேல்ஸ்மேன் சிரித்தார். "அது நாற்பது குதிரை. இது அறுபது குதிரை. மலை ஏற எது வேணும்னு சின்னக் கொயந்தைய கேளுப்பா."

"அறுபது குதிரையும் எப்ப வரும்? இஞ்சின் காட்டுக் கத்தல் கத்தும்போது வரும். வளைவுல திரும்பி, வேகம் செத்து, வண்டி ஊர்ந்துக்கினு போவும்போது எத்தினி குதிரை கீதுன்னு சொல்லுங்க."

மலைக்கு வேண்டியதைப் புத்தகத்தில் முறுக்குவிசை என்று போட்டிருப்பார்கள். பட்டறையில் நாங்கள் இழுவை என்போம். இஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதுதான் இழுவை. எவ்வளவு பலம், அதோடு எவ்வளவு வேகம் என்று இரண்டையும் பெருக்கினால் வருவது குதிரை. அந்த ஆறு சிலிண்டர் சின்னச் சின்ன பிஸ்டன்களோடு வேகமாகச் சுற்றிக் குதிரையைக் காட்டியது. மெதுவாகச் சுற்றும்போது அதற்குத் தெம்பு கிடையாது. நாலு சிலிண்டரோ பெரிய பிஸ்டன், அது மேலும் கீழும் போகிற ஓட்டமும் நீளம். மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் கொடுக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகத்தான் போகமுடியும். அங்கே எனக்கு எது வேண்டும்?

கியர் இன்னும் மோசம். அந்த ஆறு சிலிண்டருக்கு மூன்றே கியர். முதல் கியரில் இஞ்சின் மூன்று சுற்று சுற்றினால் பின்னால் போகும் தண்டு ஒரு சுற்று. அந்த லாரிக் கியர் பெட்டியில் முதல் கியர் ஆறுக்கு ஒன்று. அதாவது சக்கரத்துக்குப் போகிற இழுவை இரண்டு மடங்கு. பின் அச்சில் இருந்த பல்சக்கரமும் கடற்கரைச் சாலையில் பறப்பதற்கென்று போட்டது. மேலே போகப் போகக் காற்று வேறு மெலியும். குன்னூர் உயரத்தில் இஞ்சின் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போல இழந்துவிடும். இவ்வளவையும் நான் அந்த வாசலில் நின்று, கையில் கிரீஸோடு, தொண்டை கிழியச் சொன்னேன்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஏன் இப்படிக் கத்திண்டிருக்கே? பாலத்துல ஏத்திப் பார்த்துட்டாப் போறது."

"பாலத்துல ஏத்தறதுன்னா மூட்டை ஏத்திக்கினு, பாதிச் சரிவுல நிறுத்தி, அங்கேர்ந்து கிளப்புங்க சாமி. அதான் மலை."

"நடுப் பாலத்துல எவனாவது வண்டிய நிறுத்துவானோ? அபசகுனம் மாதிரி!"

மாமாதான் ஓட்டினார். வெறும் சேசிஸ், உட்கார ஒரு பலகை, பின்னால் ஒன்றுமே இல்லை. நான் மாமாவின் காதருகே போய், "பாதியில பிரேக்க போட்டு நிறுத்து மாமா. உன் உசுரு" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் கரையெல்லாம் ஆட்கள். பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. டாப்பில் வந்து, காற்று மாதிரி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஹார்னை வேறு அடித்தார். படகுக்காரர்கள் கை தட்டினார்கள். தேங்காய் உடைந்தது. முந்தின நாள் நான் முந்தி வைத்த தீப்பொறி, நான் ஏற்றிய காற்று, நான் ஊற்றிய எண்ணெய். என் வேலைதான் என் வாயை அடைத்தது.

"ஏன் நிறுத்தல?" என்று மாமாவைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. எனக்கு ஓட்டத் தெரியலன்னு பேராப் பூடும், மச்சான்."

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். ஆனால் திட்டியது அவரைத்தான். கூண்டு கட்டி முடிந்து பஸ் ஊரைவிட்டுப் போகும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழெட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா தனியாக ரயிலேறி வந்து பட்டறைக்குள் நுழைந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வண்டிக்கு நீ இன்னாடா பண்ண?" என்றாள்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. இரண்டாம் கியரில் போனால் இஞ்சின் முக்கி முனகி நின்றுபோகிறது. முதல் கியரில் போனால் கத்திக்கொண்டே போய் ரேடியேட்டர் கொதிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கலாம் என்றால், கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் இஞ்சினை முடுக்கி, பல்லுக்குப் பல் சரியாக விழவேண்டும். சரிவில் அதற்குள் வண்டியின் வேகம் செத்துவிடும். பல் விழாவிட்டால் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் பின்னால் உருளத் தொடங்கும். அதனால் வளைவுக்கு வளைவு நிறுத்தி, ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, கிளீனர் பின்சக்கரத்தில் மரக்கட்டை வைத்து, கிளச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கிளப்பவேண்டியிருக்கிறது. அதே முதல் கியர் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் மாட்டேன் என்கிறது. முழு பாரத்தையும் பிரேக்தான் தாங்குகிறது. பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் சூடேறிக் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. இரண்டு தரம் மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசித்தான் நிறுத்தியிருக்கிறார் மாமா.

"ராத்திரி தூக்கத்துல கூட கால உதைக்கிறாரு, பிரேக்க மிதிக்கிற மாதிரி" என்றாள் அக்கா. "வக்கீலுக்கு எழுதினா, ஓட்டத் தெரிஞ்சவனா வேற ஆள வெச்சுக்கறேன்னு எழுதறாரு. வேற ஆள வெச்சா அவன் பொண்டாட்டின்னு இன்னொருத்தி அழுவா. அவ்ளோதான?"

அன்று சாயங்காலமே வக்கீல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நின்றுகொண்டே பேசினேன். அவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்டார். "பாலத்துல நான் பார்த்தேனேடா, ஜம்முனு ஏறித்தே. இப்ப ஏறலைன்னா வண்டி மேல தப்பா, ஓட்றவன் மேல தப்பா?" என்றார். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கிளச் தீய்ந்திருக்கிறது, வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்தே ஆகவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அதற்கு ஒப்புக்கொண்டார்.

வண்டி வந்தது. மாமா இளைத்திருந்தார். வலது கையில் ரேடியேட்டர் மூடி திறந்து வெந்த தழும்பு, முழங்கை வரைக்கும். அதைப் பார்த்தபின் எனக்கு யாரிடமும் பக்குவமாகப் பேசத் தோன்றவில்லை. கிளச்சுக்குப் புதுத் தகடு போட்டேன். டயரில் அளவான காற்று. தீப்பொறியை அதன் இடத்தில் வைத்தேன். பெட்டியில் கெட்டி எண்ணெய். பிறகு ஆற்றுமணல் மூட்டைகளை, ஒரு பஸ் நிறைய ஆட்களும் அவர்களுடைய சாமான்களும் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு, ஸீட்டு ஸீட்டாக அடுக்கினேன். வேலை முடிந்தது, வந்து பாருங்கள் என்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்பினேன். பார்க்கத்தானே ஆசை அவருக்கு.

அவரை மாமாவுக்குப் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தேன். "மூட்டை எதுக்குடா?" என்றார். "இதெல்லாம் உங்க பாசஞ்சருங்க சாமி" என்றேன். கிளீனரின் மரக்கட்டையை நானே எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பாலத்தின் பாதிச் சரிவில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இந்தத் தடவை மாமா நிறுத்தினார். கரையில் ஆட்கள் கூடினார்கள். "இன்னா நைனா, குந்திக்கிச்சா?" என்று ஒரு படகுக்காரன் கேட்டான். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கியரைப் போட்டு, இஞ்சினைக் கத்தவிட்டு, கிளச்சைத் தேய்த்துக் கிளப்பினார். கிளம்பியது. புதுத் தகடு தீய்கிற நாற்றம் பின்னால் நடந்த எனக்கே தெரிந்தது. நாலு கெஜம் போனதும் மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடி கிளப்பினார். தரைப் பலகையின் இடுக்கிலிருந்து புகை வந்தது. மூன்றாம் தடவை இஞ்சின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்னால்.

கட்டையோடு பின்னால் நின்றவன் நான். வாயால் அவ்வளவு பேசியவனுக்கு அந்தப் பின்சக்கரம் தன்னை நோக்கி வரும்போது என்ன ஆகும் என்று அதுவரை தெரியாது. கால் நகரவில்லை. உள்ளே வக்கீல் "ஐயோ, ஐயோ, நிறுத்துடா!" என்று கத்துவது கேட்டது. எப்படியோ குனிந்து கட்டையைச் சக்கரத்தடியில் எறிந்தேன். டயர் அதன்மேல் பாதி ஏறி நின்றது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கிளீனர் ஒருத்தன் இதைத் தினமும், ஒவ்வொரு வளைவிலும் செய்துகொண்டிருந்தான். அங்கே கீழே கால்வாய் இல்லை, பள்ளத்தாக்கு.

வக்கீல் வெளுத்துப்போய் இறங்கினார். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கேயும் இப்படித்தானா?"

"அங்க ஒரு வளைவு தாண்டினா அடுத்த வளைவு சாமி" என்றார் மாமா.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமோல்லியோ?"

சொல்லவில்லையா? தொண்டை கிழியச் சொன்னேனே! இடுப்பில் செருகியிருந்த ஸ்பானரை எடுத்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. மாமா முந்திக்கொண்டார். "அவன் சொன்னான் சாமி. நான்தான் அன்னிக்கு நிறுத்தல. நெஞ்ச நிமித்திக்கினு ஏறிட்டேன்."

வக்கீல் என்னைப் பார்த்து, என்ன செய்யவேண்டுமோ செய் என்றார்.

இஞ்சினை மாற்ற முடியாது. பல்லை மாற்றலாம். லாரியின் நாலு கியர்ப் பெட்டியை வரவழைத்துப் பொருத்தினேன். அது நீளம் கூடுதல் என்பதால் பின் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டியிருந்தது. பின் அச்சிலும் ஐந்து சுற்றுக்கு ஒன்று என்று இருந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஆறரைக்கு ஒன்று போட்டேன். இனிமேல் கடற்கரைச் சாலையில் எருமைபோலத்தான் போகும் என்று வக்கீலிடம் ஒருதரத்துக்கு இரண்டுதரம் சொன்னேன். முகம் சுளித்தார். அதே இஞ்சின்தான். ஆனால் சக்கரம் மெதுவாக ஊரும்போதும் இஞ்சின் தனக்குத் தெம்பு இருக்கிற வேகத்தில் சுற்றலாம். இறக்கத்தில் அதே முதல் கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

சேல்ஸ்மேன் அடுத்த வாரம் ஒரு காரைப் பாலம் ஏற்றுவதற்காக அனுப்பினார். டயர் காற்றை அளவுக்கு இறக்கி, வேறெதையும் தொடாமல் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்கள் வேலை எனக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

மாமா ஊருக்குக் கிளம்பிய அன்று வக்கீல் வரவில்லை. அக்கா வந்திருந்தாள். கணவனோடு அதே பஸ்ஸில் போகப்போகிறாள். மணல் மூட்டைகளை நான் இன்னும் இறக்கவில்லை. மவுண்ட் ரோடைப் பிடித்து ஊருக்குப் போக அவருக்குப் பாலம் வழியே கிடையாது, அது எதிர்த்திசை. ஆனாலும் மாமா வண்டியைப் பாலத்துக்குத்தான் திருப்பினார். நானும் கட்டையோடு பின்னால் போனேன்.

பாதிச் சரிவில் நிறுத்தினார். கூட்டம் கூடியது. முதல் கியரில், இஞ்சினை அலறவிடாமல், கிளச்சைத் தேய்க்காமல், வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் நகர்ந்தது. நத்தை வேகம். "டாப்புல ஏறாதா நைனா?" என்று கரையில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவன்களை நோக்கி ஏதோ கத்தினேன்.

மாமா அவர்கள் பக்கமே பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. ஸீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் மாட்டு வண்டிகள் தேங்கி நின்று வண்டிக்காரர்கள் வசவு பாட ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னொரு தபா நிறுத்துங்க" என்றாள்.